‘எப்படி ஆச்சு?’ என்று படம் கேட்பதில்லை

விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெரியவர் ஒருவர் இறந்துபோகிறார். ஐந்தரை மணிக்கு மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்: “அப்பா தவறிட்டாங்க. இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம்.” குழுவில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். முதல் பதில் இரண்டு நிமிடத்தில் வருகிறது. கூப்பிய கை மூன்று. அடுத்து ஓர் அழுமுகம். அதற்கடுத்து, கறுப்புப் பின்னணியில் ஒற்றை விளக்கு எரிய, கீழே ‘அன்னாரின் ஆன்மா இறைவனடி சேரப் பிரார்த்திக்கிறோம்’ என்று மஞ்சள் எழுத்தில் ஒரு படம். பொழுது விடிவதற்குள் அதே விளக்கு இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்துவிடுகிறது. சாயங்காலம் உடலை எடுக்கும்போது பதில்கள் நூறைத் தாண்டியிருக்கின்றன.

இது ஒரே ஒரு வீட்டின் கதையல்ல. எனக்குத் தெரிந்த சில வீடுகளில் நடந்தவற்றை ஒரு வீடாகச் சேர்த்துச் சொல்கிறேன், எந்த வீடு என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்தபின், இறந்தவரின் மனைவி பேரனைக் கூப்பிட்டு, “போன்ல யாரு யாரு போட்டிருக்கான்னு படிடா” என்கிறார். பேரன் படிக்கிறான். ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டுகிறார். “மணமேல்குடி சித்தி, விளக்குப் படம்” என்று பேரன் சொன்னதும், “அவளுக்கு முழங்கால் வலி, பஸ் ஏறி வர முடியாது. போட்டுட்டாள்ல, போதும்” என்கிறார். இடையில் ஒரு பெயரைக் காணவில்லை. “தம்பி மருமகன் ஒண்ணும் போடலியா?” என்று கேட்டு, பேரன் மறுபடி தேடி ஒரு கூப்பிய கையைக் காட்டியதும் நிம்மதியாகிறார்.

அதே நேரத்தில் டொரண்டோவில் இருக்கும் மகள் அந்தக் குழுவின் ஒலியை நிறுத்திவிட்டு போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அவளுக்குச் செய்தி எட்டியபோது அங்கே முந்தின நாள் இரவு. விமானம் பிடித்தாலும் எடுப்பதற்குள் வந்து சேர முடியாது. கொள்ளி வைத்ததைக் காணொளியில் பார்த்தாள். அண்ணனிடம் அவள் சொன்னது இதுதான்: “நூறு பேரு போட்டிருக்காங்கண்ணா. ஒருத்தர் கூட அப்பா எப்படிப் போனாருன்னு கேக்கல.”

அம்மாவுக்கும் மகளுக்கும் வந்தவை ஒரே படங்கள். ஒருவருக்கு அவை போதுமாக இருந்தன, இன்னொருவருக்கு ஒன்றுமே வராதது போல இருந்தது. அம்மா அந்தக் காலத்து மனுஷி, மகள் படித்தவள் என்று இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. வயது காரணம் என்றால், இருபது வயதுப் பிள்ளைகள் நண்பன் வீட்டுச் சாவுக்கு அனுப்பும் உடைந்த இதயங்களையும், அவற்றை எண்ணிப் பார்த்து ஆறுதல் கொள்ளும் அந்த நண்பனையும் எங்கே வைப்பது? காரணம் மகள் சொன்ன வாக்கியத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள, சாவு வீட்டுக்கு நேரில் போகிறவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தஞ்சைப் பக்கத்தில் ஆண்கள் துக்கம் கேட்க வந்தால், வாசலில் துண்டோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் இரண்டு கையையும் நீட்டுவார்கள். அவர்கள் தொட்டு வாங்கிக்கொள்வார்கள். பேச்சு இருக்காது. பெண்கள் நேரே உள்ளே போய், இருப்பவர்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுகைக்குள் வரும் வரிகளும் பெரும்பாலும் ஊரில் எல்லோரும் அறிந்தவையே. திரும்பும்போது ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். இவை எதிலும் சொந்தக் கற்பனை கிடையாது. நீட்டிய கை எல்லோருக்கும் ஒரே கைதான். ஆகவே, பொதுவான வார்த்தையும் பொதுவான சைகையும் வாட்ஸ்அப் கொண்டுவந்த சீரழிவு என்று சொல்வதில் நியாயமில்லை. தந்தி இருந்த காலத்தில் வாழ்த்துச் சொல்ல எண் போட்ட ஆயத்த வாக்கியங்களின் பட்டியலே தபால் அலுவலகத்தில் இருந்தது. எண்ணைச் சொன்னால் போதும், மறுமுனையில் வாக்கியம் அச்சாகிக் கைக்கு வரும். 2013 ஜூலையில் அந்தச் சேவை நிற்கும் வரைக்கும், ஆயத்த வாக்கியம் என்பதற்காக யாரும் அந்தத் தாளைக் கிழித்தெறிந்ததில்லை.

ஆனால் கை நீட்டியதோடும் கட்டி அழுததோடும் காரியம் முடிவதில்லை. சற்று நேரம் கழித்து, வந்தவர் மெதுவாக ஆரம்பிப்பார். “எப்படி ஆச்சு?” “நேத்து நல்லாத்தானே இருந்தாரு?” “கடைசியா என்ன சாப்பிட்டாரு?” “யாரு பக்கத்துல இருந்தா?” துக்கக்காரர் சொல்வார். ராத்திரி கஞ்சி குடித்தது, பன்னிரண்டு மணிக்கு முதுகு வலிக்கிறது என்றது, சுடுதண்ணீர் கேட்டது, கொண்டுவருவதற்குள் கண் செருகியது. அடுத்து இன்னொருவர் வருவார், அதே கேள்விகள். மறுபடியும் கஞ்சி, முதுகு வலி, சுடுதண்ணீர். பார்ப்பவருக்கு இது வதை போலத் தோன்றும். உண்மையில் அந்த முப்பது நாற்பது முறைக்குள் ஒரு வேலை நடக்கிறது. முதல்முறை சொல்லும்போது சிதறிக் கிடந்தது பத்தாவது முறையில் வரிசையாகிறது. ‘நான் கொஞ்சம் சீக்கிரம் எழுப்பியிருக்கலாமோ’ என்ற குற்ற உணர்வைக் கேட்டவர்களில் யாராவது ஒருவர், “நீ என்னம்மா பண்ணுவே, அந்த நேரம் அப்படி” என்று வாங்கிக்கொள்கிறார். நடந்ததை நடந்ததாக மனம் ஒப்புக்கொள்ளும் இடம் அதுதான்.

ஆக, துக்கம் கேட்கப் போகிறவர் இரண்டு செயல்களைச் செய்கிறார். ‘நான் வந்திருக்கிறேன்’ என்று காட்டுவது ஒன்று. சொல்லச் சொல்லிக் கேட்பது இன்னொன்று. விளக்குப் படமும் கூப்பிய கையும் முதலாவதை நன்றாகவே செய்கின்றன. நேரில் வர முடியாதவருக்கு அதைவிட விரைவான வழி இருந்ததில்லை. ஆனால் இரண்டாவதைச் செய்ய அவற்றால் முடியாது, ஏனென்றால் அவற்றில் கேள்வியே இல்லை. ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ என்பது தன்னளவில் முடிந்துபோன வாக்கியம். அதற்குப் பதிலாக இன்னொரு கூப்பிய கையைத்தான் போட முடியும். ‘ராத்திரி கஞ்சி குடிச்சாரு’ என்று அதன் கீழே எழுத யாருக்கும் வராது.

அம்மாவின் வாசல் திண்ணையிலும் கூடத்திலும் அன்று பகல் முழுவதும் அந்தக் கேள்விகள் கேட்கப்பட்டுவிட்டன. சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவருக்கு மீதமிருந்த தேவை, வராதவர்கள் நம்மை மறந்துவிடவில்லை என்று தெரிவது மட்டுமே. அதற்குப் பெயர் இருந்தால் போதும். உண்மையில் அந்த இரவில் யாராவது பத்து வரியில் உருக்கமாக எழுதியிருந்தால் அது அவருக்குச் சுமையாகியிருக்கும். பேரன் படிக்க, இவர் மறுபடி அழ, மறுபடி பதில் சொல்ல வேண்டியிருக்கும். மகளுக்கோ கூடமும் இல்லை, திண்ணையும் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே சாவு வீடு அந்தத் திரைதான். அந்த வீட்டுக்கு நூறு பேர் வந்தார்கள், எல்லோரும் வாசலில் கை நீட்டிவிட்டு, உட்காராமல் திரும்பிவிட்டார்கள்.

கொரோனா காலத்தில் இந்தியாவில் இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தபோது, டொரண்டோ மகளின் நிலைமை பக்கத்துத் தெருவில் இருந்தவர்களுக்கும் வந்தது. 2020இலும் 2021இலும் பெற்றோரை இழந்த பலர் இன்றைக்கும் அந்த இழப்பைப் பற்றிப் பேசினால், சொல்ல ஆளில்லாமல் போனதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அன்றைக்கு அவர்களின் போனில் இரங்கல் படத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

ஆறுதல் மொழி எப்போது வேலை செய்கிறது என்பதையே தன் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டிருந்தவர் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்ட் பர்ல்சன். துயரப்படுகிறவரின் உணர்வை ஒப்புக்கொண்டு, அதை அவர் தம் வாயால் விரித்துச் சொல்ல இடம் கொடுக்கும் பேச்சுதான் பொதுவாக அதிகம் உதவுகிறது என்பது அவருடைய ஆய்வுகளின் மையம். ஆனால் அது எப்போதும் அப்படி இல்லை என்பதையும் அவரே கவனித்தார். கிரஹாம் போடி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2008இல் அவர் முன்வைத்த விளக்கம் நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. வந்த வார்த்தையை எடைபோட்டுப் பார்க்கும் தெம்பும் மனமும் இருக்கும்போதுதான் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்பது ஒருவரைத் தொடும். அந்தத் தெம்பு இல்லாதபோது, யார் சொன்னார், சொன்னார் என்பதே போதும். இறந்த அன்று பிணம் கிடக்கும் வீட்டில், சமையல்காரருக்கும் ஐயருக்கும் பதில் சொல்லிக்கொண்டு, தூக்கமில்லாமல் இருக்கும் மகன் படத்தின் வாசகத்தைப் படிப்பதில்லை, அனுப்பியவரின் பெயரை மட்டும் பார்க்கிறார். எட்டாயிரம் மைல்களுக்கு அப்பால், விடுப்பு எடுத்துக்கொண்டு அறைக்குள் தனியே உட்கார்ந்திருக்கும் மகள் ஒவ்வொரு சொல்லையும் படிக்கிறாள். படித்தால், ஐந்தாவது முறை வரும் அதே விளக்கும், ‘அன்னார்’ என்று யாரையோ சுட்டும் அந்த வார்த்தையும் கண்ணில் குத்தாமல் இருக்குமா?

அனுப்புகிறவர்களின் பக்கமும் பேசியாக வேண்டும், அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று எண்ணுவது எளிது என்பதால். 1986இல் டேரின் லீமன், ஜான் எல்லார்ட், கமில் வொர்ட்மன் என்ற மூன்று உளவியலாளர்கள், சாலை விபத்தில் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்களிடம், எது உதவியது, எது உதவவில்லை என்று கேட்டார்கள். இதே துயரை அனுபவித்தவர்களோடு பேசக் கிடைத்ததும், மனத்தில் உள்ளதைக் கொட்ட யாராவது இடம் கொடுத்ததும் உதவின என்றார்கள். புத்திமதியும், சீக்கிரம் தேறி வா என்ற அவசரமும் உதவவில்லை என்றார்கள். பிறகு அந்த ஆய்வாளர்கள், இழப்பு எதுவும் நேராத மற்றவர்களிடம், ‘இப்படி ஒருவருக்கு நேர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டார்கள். அவர்கள் ஏறக்குறைய சரியான பதிலையே சொன்னார்கள். எது உதவும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எதிரே துக்கம் நிற்கும்போது வரும் பதற்றத்தில்தான் அது கைநழுவிப் போகிறது.

நம் குடும்பக் குழுக்களில் அந்தப் பதற்றம் இரண்டு மடங்கு. நேரில் தவறாக ஒன்றைச் சொன்னால் கேட்டவர் ஒருவர்தான். குழுவில் எழுதினால் சம்பந்தி வீட்டாரும் பங்காளிகளும் அறுபது பேரும் படிப்பார்கள். ‘எப்படி ஆச்சு?’ என்று அங்கே கேட்டால், ஏன் போன் செய்து கேட்கவில்லை என்ற பேச்சு வரும். பழைய மனஸ்தாபம் உள்ள வீடென்றால் ஒவ்வொரு சொல்லும் நிறுத்துப் பார்க்கப்படும். யாரோ செய்து வைத்த படம் இந்த ஆபத்துகளிலிருந்தெல்லாம் காப்பாற்றுகிறது. இன்னொன்று, தட்டச்சு. மணமேல்குடி சித்திக்குப் பேரன் சொல்லிக் கொடுத்தது, படத்தை அழுத்திப் பிடித்து, அம்புக்குறியைத் தொட்டு, குழுவின் பெயரைத் தேர்ந்தெடுப்பது வரைதான். தமிழில் எழுத்துக் கூட்டி அடிக்க அவருக்கு வராது. அன்று விடிகாலையில் கண்ணாடியைத் தேடி எடுத்து, தாமரை வேண்டாம், அது நல்ல காரியத்துக்கு அனுப்புவது என்று ஒதுக்கி, விளக்கு இருக்கும் படமாகப் பார்த்து அனுப்ப அவருக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடம் படத்தில் தெரிவதில்லை. அரை நொடியில் கட்டைவிரலால் தட்டிவிட்டுப் போன மருமகனின் கூப்பிய கையும் சித்தியின் விளக்கும் திரையில் ஒரே உயரத்தில்தான் நிற்கின்றன. அக்காவுக்குச் சித்தியின் முழங்கால் தெரியும், அதனால் படத்துக்குப் பின்னால் இருக்கும் ஆளையும் தெரியும். பதினைந்து வருடமாக வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் படம் மட்டும்தான் தெரிகிறது.

திரை மறைப்பதோடு நிற்பதில்லை, வேண்டாததைக் காட்டியும் விடுகிறது. 2018இலிருந்து வாட்ஸ்அப் கடத்தப்பட்ட செய்திகளின் மேல் அம்புக்குறியோடு ‘Forwarded’ என்று போடுகிறது. ஐந்தோ அதற்கு மேலோ கைமாறி வந்த செய்தியென்றால் இரட்டை அம்புக்குறியும் ‘Forwarded many times’ என்ற வரியும். வதந்தியை அடையாளம் காட்டுவதற்காக வந்த ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரங்கல் படத்தின் தலையில் அது நிற்கும்போது, ‘இது உன் அப்பாவுக்காக எடுத்தது அல்ல’ என்று படத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. சாவு வீட்டில் நீட்டிய கை இதற்கு முன் எத்தனை வீட்டில் நீட்டப்பட்டது என்று யாரும் அதன்மேல் எழுதி வைப்பதில்லை.

கூப்பிய கை எமோஜியின் பாடு வேறு. ஜப்பானியக் கைபேசிகளிலிருந்து வந்து 2010இல் உலகப் பொது எழுத்துக் குறியீட்டில் சேர்ந்தது அது. நம் குழுக்களில் காலை வணக்கத்துக்கும் அதுதான், கல்யாணப் பத்திரிகையைப் பெற்றுக்கொண்டதற்கும் அதுதான், ‘பணம் வந்து சேர்ந்தது’ என்பதற்கும் அதுதான். 2022 மே மாதம், செய்தியின் மேலேயே எமோஜியை ஒட்டும் வசதி வந்தபோது முதலில் கொடுத்த ஆறில் கடைசியாக அது இருந்தது, நன்றி சொல்வதற்காக. அந்த ஆறும் ஒரே வரிசையில் நெருக்கமாக நிற்பதால், மரணச் செய்தியின் மேல் கட்டைவிரலோ, அதைவிட மோசமாகச் சிரிப்புமுகமோ ஒட்டிவிடும் விபத்துகள் நடக்கின்றன. ஒட்டியவருக்குத் தெரியாமலே அது மணிக்கணக்கில் அங்கே இருக்கும். கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் ஒட்டியது என்று புரிந்தாலும், அன்றைக்கு அதைப் பார்த்த மனம் சட்டென்று ஆறுவதில்லை.

இதுவரை படத்தையும் எமோஜியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினேன். பிரார்த்தனைப் படம் என்று வரும்போது அது முழுக்கச் சரியல்ல. நம்பிக்கை உள்ளவருக்குப் பிரார்த்தனை என்பது ஆறுதல் வார்த்தை மட்டுமல்ல, இறந்தவருக்காகச் செய்யப்படும் ஒரு காரியம். இஸ்லாமியர் ஒருவர் மரணச் செய்தி கேட்டதும் ‘இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்’ என்கிறார். குர்ஆன் கற்றுத் தந்த சொல் அது, மாற்றிச் சொல்ல வேண்டிய தேவையே அவருக்கில்லை. கத்தோலிக்கக் குடும்பத்தில் ‘நித்திய இளைப்பாற்றி’ ஜெபத்தை அனுப்பினால், பெறுகிறவர் அதைப் படித்துக்கொண்டே தானும் ஜெபிக்கிறார். சைவ வீட்டில் சிவனடி சேர வேண்டும் என்று வருவதும் அப்படித்தான். எத்தனை ஆயிரம் வாய்களில் புழங்கியதோ அத்தனைக்கு அந்தச் சொல்லுக்கு அவர்களிடம் கனம் கூடுகிறது. நூறு பேர் அனுப்பினால் அவர்களுக்கு நூறு பிரார்த்தனை நடந்திருக்கிறது. இங்கே புதிதாகச் சொல்லத் தெரியாததைக் குறையாக எண்ணுவதே தவறு.

அதே படம் வீடு மாறினால் எப்படி இடறுகிறது என்பதையும் பார்க்கலாம். கடவுள் மறுப்பாளராகவே வாழ்ந்து, சடங்கு வேண்டாம், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுங்கள் என்று எழுதி வைத்துப் போனவருக்கு ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று படம் வந்தால், அவர் பிள்ளைகள் அதில் அனுப்பியவரின் அன்பைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. இன்னும் கடுமையானது, வயது முறை தவறிய சாவு. எண்பதைத் தாண்டிய தாத்தாவுக்குப் பொருந்தும் ‘இறைவன் அழைத்துக்கொண்டார்’ என்ற வாசகம், ஏழு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கையில் போய் நிற்கும்போது, கடவுளின் பக்கம் நின்று பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. பக்தியுள்ள தாயும் அந்த வாரத்தில் கடவுளோடு சண்டையில் இருக்கலாம். படத்துக்கு அது தெரியாது, அது எல்லாச் சாவுக்கும் சேர்த்து எழுதப்பட்டது. பிள்ளையோ, தற்கொலையோ, பிறக்கும் முன்னே போன சிசுவோ என்றால், விளக்கம் சொல்லும் படங்களை அனுப்பாமலிருப்பதே நல்லது என்பது என் திடமான எண்ணம். ‘கேள்விப்பட்டேன்மா, கூப்பிடத் தைரியம் வரல’ என்று எழுத்துப்பிழையோடு ஒரு வரி போதும்.

நாள் கணக்கும் இதில் பெரிய விஷயம். முதல் நாள் செல்லுபடியாகும் படம் இருபதாம் நாள் செல்லாது. நம்மிடம் உறவினர் வரத்துக்குக் கால அட்டவணை உண்டு: எடுக்கும் நாள், பால், பதினாறாம் நாள் கருமாதி. ஈழத் தமிழர்களிடம் முப்பத்தொன்றாம் நாள் வரை அது நீள்கிறது. அதுவரை வீட்டில் ஆள் இருக்கும், குழுவிலும் அமைதி இருக்கும். அதன் பிறகு குழு பழைய நிலைக்குத் திரும்புகிறது, திரும்பத்தான் வேண்டும். காலை வணக்கம், ரோஜாப்பூ, மூட்டுவலிக்கு முடக்கத்தான் கஷாயம். அந்த வருடம் அந்த வீட்டில் பண்டிகை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் தீபாவளி அன்று பட்டாசு வெடிக்கும் படம் குழுவில் விழும். இரங்கல் படத்தை அனுப்பிய அதே விரல்கள்தான் அனுப்பியிருக்கும். ‘அன்னைக்குப் போட்டதும் இப்படித்தான் போட்டிருப்பாங்க’ என்று பின்னோக்கிப் போய் முதல் படமும் அப்போது மதிப்பிழக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள், ‘இந்த வருஷம் நம்ம வீட்ல இல்ல’ என்று குழுவில் மூத்தவர் ஒருவர் எழுதிவிட்டால் இது நடக்காது. எழுதுகிற வீடுகள் இருக்கின்றன.

துக்கத்தில் இருப்பவர் எதைத் தேடுகிறார் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய நுண்ணறிவு வேண்டியதில்லை, கவனித்தால் தெரியும். ‘யார் யார் போட்டாங்க?’ என்று கேட்கிறவருக்கு வருகைதான் தேவை. அவருக்குப் படம் அனுப்புங்கள், அனுப்பியது அவருக்கு எட்டியதா என்றும் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு கூப்பிய கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே போகிறவர் களைத்திருக்கிறார். அவரிடம் பதில் எதிர்பார்க்காமல், ‘பதில் போட வேணாம்’ என்று சேர்த்துச் சொல்வது உதவி. இன்னொரு அடையாளம் இருக்கிறது, குழுக்களில் மிகவும் தவறவிடப்படுவது அதுதான். பல வாரம் கழித்து, ஒரு ராத்திரியில், இறந்தவரின் பழைய புகைப்படம் ஒன்றை அவர் பிள்ளை குழுவில் போடும். எழுத்து ஒன்றும் இருக்காது. அதற்கு எட்டுப் பத்து அழுமுகங்கள் வரிசையாக வரும். போட்டவர் எதிர்பார்த்தது அழுமுகத்தை அல்ல. திண்ணையில் கேட்க வேண்டிய கேள்விக்கு, காலம் கடந்து, தானே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்.

டொரண்டோ மகள் அப்படித்தான் போட்டாள், மூன்றாவது மாதத்தில். அப்பா ஒரு பழைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். அழுமுகங்கள் வந்தன. பெரியப்பா மகன் ஒருவர், முதல் நாள் தானும் விளக்குப் படத்தை அனுப்பியவர்தான், இந்த முறை எமோஜி போடாமல் எழுதினார்: “தங்கச்சி, இது பேராவூரணில எடுத்ததா? அந்த சைக்கிள்லதான் சித்தப்பா எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தாரு. அன்னைக்கு ராத்திரி என்னதான் ஆச்சும்மா, நீ கடைசியா எப்பப் பேசின?”

அவள் எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, அவரைக் கூப்பிட்டாள். இறந்ததற்கு முந்தின நாள் அப்பாவின் அழைப்பை வேலை நேரம் என்று எடுக்காமல் விட்டதை மூன்று மாதத்தில் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னாள். “எனக்கும் அன்னைக்கு ரெண்டு தடவை போட்டாரும்மா, நானும் எடுக்கல. நெல்லு வெலையக் கேக்கத்தான் போட்டிருப்பாரு” என்றார் அண்ணன். அந்தப் பதிலை நூறு படங்களில் எதுவும் அவளுக்குத் தந்திருக்க முடியாது, அவள் அந்தக் கேள்வியை அவற்றிடம் கேட்டிருக்கவே முடியாது.

குழுவிலும் அந்தக் கேள்வி நின்றுகொண்டிருந்தது. மறுநாள் காலை சைக்கிளைப் பற்றி அத்தை ஒருவர் எழுதினார், அது பேராவூரணி இல்லை, அறந்தாங்கி ஸ்டுடியோ என்று. அதை ஒருவர் மறுத்தார். மத்தியானம் மணமேல்குடி சித்தியிடமிருந்து நான்கு நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அந்த சைக்கிளில்தான் அக்காவைப் பெண் பார்க்க அவர் வந்தார் என்றும், வழியில் சங்கிலி கழன்று கையெல்லாம் கறுப்பாக வந்து நின்றார் என்றும், கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றியது தான்தான் என்றும், நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்லியிருந்தார். யாராவது கேட்டிருந்தால் அதை முதல் நாளே அவர் சொல்லியிருப்பார்.